மறுகா சொல்லுறன்

மூன்றாவது தடவையும் டேப்பைப் பின்னுக்கு ஓடவிட்டாள். ஹெட்போனின் இடது காது வேலை செய்யாது. வலது காதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முதலில் இரைச்சல். பிறகு ஒரு காகம். பிறகு கேள்வி கேட்கிற பெண்ணின் குரல், அவசரமில்லாமல்:

"கூட்டத்துக்குப் போகாம விட்டது தூரத்தாலயா, பயத்தாலயா, இல்லாட்டி வேற ஏதும் காரணமா?"

பதில் இல்லை. டேப் சுற்றிக்கொண்டிருந்தது. கனகமணி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொரு விநாடி. பிறகு மற்றக் குரல், சற்றுத் தணிந்து:

"மறுகா சொல்லுறன் ரீச்சர்."

அதற்குப் பிறகு பேச்சு ஆலையில் அரைக்கிற மாவுக்குப் போய்விட்டது.

கனகமணி பேனையை எடுத்து, தாளின் கடைசிப் பகுதியில் எழுதினாள். 'களுவாஞ்சிக்குடிக் கூட்டங்களுக்குப் போவது பற்றி: "மறுகா சொல்லுறன்." முடிவு எடுக்கவில்லை.'

பிறகு என்று எழுதியிருக்கலாம். ஆனால் டேப்பில் பதில் சொன்ன அன்னப்பூரணி பிறகு என்று சொல்லவில்லை. மறுகா என்றுதான் சொன்னாள். வாவியின் இந்தக் கரையில் பிறந்தாலும் அந்தக் கரையில் பிறந்தாலும் அந்தச் சொல்லுக்கு யாரும் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மேற்கோள் குறி போட்டு அப்படியே விட்டாள்.

இரண்டாயிரத்து மூன்று, மாசி மாதம். சண்டை நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. நின்றது நின்றதுதான் என்று அடித்துச் சொல்ல யாரும் இல்லை. களுவாஞ்சிக்குடியில் பிரதான வீதியிலிருந்து ஒரு ஒழுங்கை தள்ளி, வாடகை வீட்டின் முன்னறையில் கனகமணி வேலை செய்கிற தொண்டு நிறுவனத்தின் கந்தோர் இருந்தது. கிராமங்களில் பெண்கள் சங்கம் நடத்துகிறவர்களுக்குக் கோச்சிங் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். கோச் வந்து புத்தி சொல்லிவிட்டுப் போகிற வேலை இல்லை அது. கோச் கேள்வி கேட்பார். எதிரில் இருப்பவரே யோசித்து, என்ன செய்யப்போகிறேன் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு டேப்பில் பதியப்படும். டேப்பைக் கேட்டு, அந்த ஆள் சொன்ன வேலைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி அவருக்கே அனுப்ப வேண்டும். அவர் வாசித்து, பிழை இருந்தால் திருத்தி, கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பினால் டேப்பை அழித்துவிடுவார்கள். தாள் எழுதுவது கனகமணி.

கோச், காத்தான்குடி ஹஸீனா. பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அந்தப் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். ஹஸீனா முதல் தடவை வாவியைக் கடந்து போனபோது, தண்டவாளமே இல்லாத படுவான்கரைக்குக் கோச்சி வந்துவிட்டதென்று பெண்கள் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அவர் கோச்சி ரீச்சர்.

கனகமணிக்கு வேலை பிடிபட இரண்டு தாள் எடுத்தது. முதல் தாளில், 'ஆர்வத்துடன் சம்மதித்தார்' என்று எழுதியிருந்தாள். ஹஸீனா அதை வாசித்துவிட்டு டேப்பைக் கொண்டுவரச் சொன்னார்.

"ஆர்வம் எந்த இடத்தில கேக்குது? ஓடவிடு பார்ப்பம்."

ஓடவிட்டாள். அந்தப் பெண் 'ஓம்' என்று சொன்னது மட்டும் கேட்டது.

"அவ ஓம் எண்டா. ஆர்வம் உண்ட பேனைக்குள்ளருந்து வந்தது," என்றார் ஹஸீனா. கோபமாகச் சொல்லவில்லை.

இரண்டாவது தாளில் வேறொரு பிழை. 'அயலவர்களோடு பேசிப் பார்க்கலாமா' என்று ஹஸீனா கேட்டிருந்தார். கனகமணி அதை 'அயலவர்களோடு பேசுவார்' என்று எழுதிவிட்டாள். கேள்வி கேட்டவருடையது, அது தாளுக்கு வராது என்றார் ஹஸீனா. எதிரில் இருப்பவர் அதை எடுத்துக்கொண்டு 'பேசுவன்' என்று சொன்னால்தான் வரும். யோசித்துவிட்டுக் கைவிட்டதும் வராது. அழுதது, சிரித்தது, தயங்கியது எதுவும் வராது. முடிவில்லாமல் நின்றதை முடிவில்லை என்றே எழுத வேண்டும். அவள் வீட்டுக்குப் போய் அந்தத் தாளை வாசிக்கிறபோது, வேறு யாரோ தன்னைப் பற்றி எழுதினமாதிரி இருக்கக் கூடாது.

கனகமணிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் அவளுடைய கணவன் கோணாமலையைக் குருக்கள்மடத்தில் வீட்டு வாசலில் வைத்து நாலு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். அவள் பின்னால் ஓடினாள். சந்திவரைக்கும்தான் ஓட முடிந்தது. முறைப்பாட்டை ஒருவர் எழுதினார். 'இழுத்துக்கொண்டு போனாங்க' என்று அவரிடம் மூன்று தரம் சொன்னாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அதன் பிரதி கையில் கிடைத்தது. 'வீட்டிலிருந்து சென்றவர் திரும்பி வரவில்லை' என்றிருந்தது. எழுதியவர் கெட்ட மனிதர் இல்லை. தண்ணி குடிக்கிறீங்களா பிள்ளை என்று கேட்டவர். வசனம் ஒழுங்காக இருக்கட்டுமே என்று எழுதியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் அவள் சுருக்கெழுத்துப் படித்தாள். அப்போது முப்பது வயது. வகுப்பில் இருந்த பெட்டைகள் எல்லோரும் அவளை மாமி என்றார்கள்.

அன்னப்பூரணியை அவள் கண்டதே இல்லை. நாலு டேப்பில் கேட்டிருக்கிறாள். வாயில் வெற்றிலை இருக்கிறபோதும் இல்லாதபோதும் குரல் எப்படி மாறும் என்று தெரியும். சிரிப்பதற்கு முன் மூக்கால் ஒரு மூச்சு விடுவாள் என்று தெரியும். அம்பிளாந்துறைக்கு அங்கால் ஒரு கிராமத்தில் பெண்கள் சங்கத்தின் மாவரைக்கும் ஆலையை ஆறு வருடமாக நடத்துகிறவள். சங்கங்களுக்குக் களுவாஞ்சிக்குடியில் நடக்கிற கூட்டங்களுக்கு மட்டும் வருவதில்லை. சங்கத்துக்குப் பெரிய ஆலை ஒன்று வரப்போகிறது. அதற்கு யார் பொறுப்பு என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்போகிறார்கள். டேப்பின் முடிவில் அன்னப்பூரணி அதைத்தான் சொல்லியிருந்தாள். கடுதாசி ஞாயிற்றுக்கு முந்தி வந்தால் நல்லம், வழமைபோலச் சபையில் வாசிக்கலாம், என்ன செய்யப்போகிறேன் என்று அவர்களுக்கும் தெரியும்.

அது அவளே உண்டாக்கின வழக்கம். தாள் வந்ததும் பிரிக்காமல் சபைக்குக் கொண்டுபோய்ச் செயலாளர் சீனிப்பிள்ளையின் கையில் கொடுப்பாள். சீனிப்பிள்ளை உரக்க வாசிப்பாள். எனக்கு ஒளிக்க என்ன இருக்கு என்று அன்னப்பூரணி கேட்பாளாம். அதன் பிறகுதான் திருத்தம், கையெழுத்து எல்லாம். மூன்று தாள் அப்படி வாசித்தாகிவிட்டது. மூன்றும் ஒரு எழுத்துத் திருத்தமில்லாமல் கையெழுத்தோடு திரும்பி வந்தன. கனகமணிக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நாலாவது தாளில் மூன்று வேலைகள். திங்கட்கிழமையிலிருந்து ஆறு மணிக்கு ஆலையைத் திறப்பது. முந்தி வந்தவர் முந்தி என்று இலக்கம் போட்டுப் பலகையில் எழுதுவது. தான் இல்லாத நாளில் சாவியை வைத்திருக்கச் சீனிப்பிள்ளையிடம் கேட்பது. எது எப்போது, யார் துணை என்பது பக்கத்துக் கட்டங்களில். அடியில் அந்த முடியாத ஒன்று.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அதைக் கணினியில் அடித்து முடித்தபோது திட்ட அலுவலர் ஜெயசிங்கம் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். கிழக்குக்கு வந்து நாலு மாதம். கந்தோரில் எல்லோருக்கும் பிறந்தநாள் கேக் வாங்கிக் கொடுக்கிறவர். தலைமைக் கந்தோரிலிருந்து இரண்டு மாதத்துக்கு முன் புதிய படிவம் வந்தது என்றார். அதில் 'பயிற்றுநரின் மதிப்பீடு' என்று ஒரு கட்டம். சென்ற மாதம் எல்லாவற்றையும் வெறுமையாக அனுப்பியதற்கு ஏச்சு வாங்கினாராம்.

ஹஸீனா ரீச்சர் மதிப்பீடு ஒன்றும் சொல்லவில்லை என்றாள் கனகமணி.

நாற்பது நிமிடம் கதைத்திருக்கிறார், ஏதாவது நினைத்திருப்பார்தானே என்றார் அவர்.

நினைத்தது டேப்பில் இல்லை என்றாள்.

அவர் சிரித்தார். "நீங்கள் டேப் ரெக்கோடரையும் மிஞ்சிட்டீங்க கனகமணி. சரி, விடுங்க. பிறகு பார்ப்போம்."

விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஆறு மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமை அவளுக்கு லீவு. அவருக்கு லீவு இல்லை.

திங்கட்கிழமை காலை அவள் கந்தோருக்குள் நுழைந்தபோது மேசையில் ஒரு நீட்டு உறை கிடந்தது. குருக்கள்மடத்துப் பாதையில் வேலை செய்கிற குஞ்சித்தம்பி கொண்டுவந்து கொடுத்ததாகக் காவலாளி சொன்னார். வாவியைக் கடத்துகிற தட்டைத் தோணிக்கு அங்கே பாதை என்றுதான் பேர். அந்தப் பாதையில்தான் தாள்கள் போய் வரும்.

கையெழுத்து இல்லை. தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி இருந்தது. 'எண்ட குரல அழிச்சுப்போடுங்க. கோச்சி ரீச்சரை இனி அனுப்ப வேணாம்.'

முன்பக்கம் திருப்பினாள். மூன்று வேலைகளும் அவள் எழுதியபடியே இருந்தன. அதற்குக் கீழே இருந்தது அவளுடையது இல்லை.

'பயிற்றுநரின் மதிப்பீடு: வெளிப் பொறுப்புகளை ஏற்பதில் பயம் உள்ளது. கூட்டங்களுக்குச் செல்லாததற்கான காரணத்தைச் சொல்ல மறுக்கிறார்.'

அதற்கும் கீழே, வழமையான இடத்தில், 'டேப்பிலிருந்து எழுதியவர்: கனகமணி'.

நின்றபடியே இரண்டு தரம் வாசித்தாள். பிறகு ஜெயசிங்கத்தின் அறைக்குப் போனாள்.

அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்க ஏதாவது இருப்பதாக அவருக்குத் தோன்றவும் இல்லை. சனிக்கிழமை தாளை அனுப்பப் பார்த்தால் கட்டம் வெறுமையாக இருந்தது, டேப்பை எடுத்துக் கொஞ்சம் கேட்டேன், பயமா என்று ஹஸீனாவே கேட்கிறார், சும்மா கேட்பாரா என்றார். அடுத்த வரி உங்களுடைய தாளிலேயே இருந்தது, எழுத்துப் பிழையோடு, அதைத்தான் திருத்தினேன் என்றார்.

"என்ன எழுத்துப் பிழை சேர்?"

"மறுகா சொல்லுறன் எண்டு இருந்தது. மறுகா எண்டு ஒரு சொல் இல்லையே. மறுக்கிறா எண்டுதானே வரவேணும்?"

கனகமணி தாளை அவருடைய மேசையில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"மறுகா எண்டா பிறகு, சேர்."

அவர் முகம் கொஞ்சம் மாறியது. உண்மையாகத்தான் மாறியது. அடடா என்றார். இந்த ஊர்த் தமிழ் இன்னும் பிடிபடவில்லை என்றார். அறிக்கை கொழும்புக்குப் போய்விட்டது, அதில் ஒன்றும் செய்ய முடியாது, அந்த அம்மாவுக்கு வேண்டுமானால் புதிய தாள் ஒன்று அனுப்பலாம் என்றார்.

தூரத்தாலயா என்றும் ரீச்சர் கேட்டாவே, அதை ஏன் சேர் எழுதவில்லை என்று அவள் கேட்டாள். அதற்குள் அவருக்குத் தொலைபேசி வந்தது.

மத்தியானம் ஹஸீனா வந்தார். தாளை வாங்கி இரண்டு பக்கமும் வாசித்தார். கனகமணி நடந்ததைச் சொன்னாள். ஹஸீனா கேட்டுக்கொண்டிருந்தார், ஆனால் கண் தாளின் அடியிலேயே நின்றது.

"உண்ட பேர்தானே கிடக்கு," என்றார்.

"நான் எழுதல்ல ரீச்சர்."

"ஓம். நீ எழுதல்ல. ஆனா இத உண்ட கையில குடுத்தா நான் டேப்பக் கேக்காம ஒப்பம் வைப்பன். அவவும் அப்பிடித்தான் வாசிக்காமக் குடுத்திருக்கா."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"டேப்ப நிப்பாட்டின பொறகு அவ என்னட்ட ஒண்டு சொன்னா. மறுகா எண்டது அதைத்தான். டேப் ஓடக்குள்ள சொல்ல ஏலாத சாமான். அத நான் ஆருக்கும் சொல்லல்ல. உனக்கும் சொல்லல்ல, இப்பவும் சொல்ல மாட்டன். பயம் எண்டு எழுதி, கீழ எண்ட மதிப்பீடு எண்டும் போட்டா, அவ என்ன நினைப்பா? நான் வித்துட்டன் எண்டு நினைப்பா."

அதைத் துடைப்பதற்கு ஒரே வழி அந்த டேப். அதில் கேள்வி கேள்வியாகவே இருக்கிறது. ஹஸீனா போக முடியாது, வர வேண்டாம் என்று அன்னப்பூரணி எழுதியிருக்கிறாள். நான் போறன் என்றாள் கனகமணி. ஹஸீனா தடுக்கவில்லை. துணைக்கு வரவும் இல்லை.

அன்று மாலை கார்பன் வைத்துக் கையால் புதிய தாள் எழுதினாள். கணினியைத் தொடவில்லை. அடியில், மேற்கோள் குறிக்குள், அதே சொல்லை எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை காலை குருக்கள்மடத்துத் துறைக்குப் போனாள். வீட்டிலிருந்து கால்மணி நேர நடை. டேப் ரெக்கோடருக்குள் முருகன் பாட்டுக் கசெற்றைப் போட்டிருந்தாள். மற்றக் கசெற் சோற்றுப் பார்சலுக்குள், வாழையிலைக்கு அடியில், பொலித்தீன் சுற்றி இருந்தது. காவலில் நின்ற ஆமிக்காரப் பொடியன் ரெக்கோடரை அழுத்திப் பார்த்தான். பாட்டு ஓடியது. தலையை ஆட்டிவிட்டுக் கொடுத்தான். அந்தக் கரையில் இயக்கத்துப் பிள்ளை ஒருத்தி பையைத் திறந்து பார்த்தாள். அவளும் பாட்டைக் கேட்டாள். இரண்டு கரையிலும் சோற்றுப் பார்சலை யாரும் பிரிக்கவில்லை.

இடையில், பாதையில் வாவியைக் கடந்தபோது, குஞ்சித்தம்பி பக்கத்தில் வந்து நின்றார். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான், திரும்பிக் கொண்டுவந்ததும் நான்தான், உள்ளுக்கு என்ன இருந்தது பிள்ளை என்று கேட்டார். அவள் சொல்லவில்லை. கூட்டத்தில் நடந்ததை அவரே சொன்னார். அவருடைய பெண்சாதி சங்கத்தில் இருக்கிறவள். சீனிப்பிள்ளை கடைசி வரிவரைக்கும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டாளாம். வாசித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று அவளுக்கே விளங்கியதாம். யாரோ ஒருத்தி, என்ன பயம் அன்னப்பூரணி, எங்களுக்கும் சொல்லு கா என்று கேட்டாளாம். வேறொருத்தி, கோச்சிக்குச் சொல்லேலும் எங்களுக்குச் சொல்ல ஏலாதா என்று கேட்டாளாம். சிரிப்பு எழும்பிச்சாம். அன்னப்பூரணி எழும்பி, சீனிப்பிள்ளை பார்க்கட்டும் பெரிய மில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

ஆலையில் எஞ்சின் ஓடவில்லை. வாசலில் ஒரு பெண் குனிந்து பலகையில் சுண்ணாம்பால் இலக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். மெலிந்த, உயரமான பெண். டேப்பில் கேட்டவள் குண்டாக இருப்பாள் என்று கனகமணி நினைத்திருந்தாள்.

"ஆரு கா நீங்க?" என்று அவள் கேட்டாள். அந்தக் குரல்.

கனகமணி தன் பேரைச் சொன்னாள். பேரைக் கேட்டதும் சுண்ணாம்புக் கை நின்றது. தாளின் அடியில் நாலு தடவை இருந்த பேர்.

உள்ளே கூப்பிடவில்லை. ஆனால் போகச் சொல்லவும் இல்லை. மாவு படிந்த மர வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். கனகமணி சோற்றுப் பார்சலைப் பிரித்துக் கசெற்றை எடுத்தாள். கேட்டுப்போட்டு எதையும் சொல்லுங்க என்றாள். அந்த இடத்துக்கு ஓடவிட்டாள். காகம். கேள்வி. தூரத்தாலயா, பயத்தாலயா, இல்லாட்டி வேற ஏதும் காரணமா. பதினொரு விநாடி. மறுகா சொல்லுறன் ரீச்சர்.

இன்னொரு தரம் போடச் சொன்னாள் அன்னப்பூரணி. போட்டாள்.

"அவ பயம் எண்டு சொல்லல்லத்தான்," என்றாள் அன்னப்பூரணி மெதுவாக. "மூண்டையும் கேட்டிருக்கா."

கனகமணி சொல்லைப் பற்றிச் சொன்னாள். கொழும்புக்காரர் மறுகாவை மறுக்கிறா ஆக்கின கதையைக் கேட்டதும் அன்னப்பூரணி மூக்கால் ஒரு மூச்சு விட்டாள். சிரிப்பு வரப்போகிறது என்று கனகமணி காத்திருந்தாள். வரவில்லை.

"இது நான் சொன்னது. நீ எழுதினதும் சரி. ஆனா சபையில வாசிச்சது இது இல்லியே மனே."

பிறகு அவள் சொன்னாள். கனகமணி கேட்கவில்லை. டேப்பை நிறுத்தியிருந்தது. களுவாஞ்சிக்குடிக் கூட்டம் முடிய ஐந்து மணி ஆகும், கடைசிப் பாதை போய்விடும், அங்கேயே படுக்க வேண்டும். வீட்டில் மகள் கண்ணகை தனிய. பதினாலு வயது. இயக்கத்துக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வருகிறவர்கள் தாய் இல்லாத நேரம் பார்த்து வருகிறார்கள். அதுதான் காரணம். ஒரு ஆளுக்குத்தான் சொன்னாள். என்ன பயம் என்று சபையில் கேட்டார்களே, கேட்டவள் கெட்டவள் இல்லை, ஆனால் கேட்ட பிறகு எல்லோரும் யோசித்திருப்பார்கள். அன்னப்பூரணிக்கு என்ன பயம், ஒரே ஒரு மகள்தானே. அந்தக் கதை பிள்ளை கேட்டு வருகிறவர்களின் காதுக்குப் போக எத்தனை நாள் எடுக்கும்?

"பெட்டையத் தன்னாமுனைக்கு அனுப்பிட்டன். சகோதரி வீட்ட. நேத்துக் காலம முதல் பாதையில. ஆறு வருஷமா இந்த மில்லுக்கு வந்தவள், ஸ்கூல் விட்டு வந்து இந்த வாங்கிலதான் படிப்பாள்."

கனகமணி எழும்பப் பார்த்தாள். அந்த வாங்கில் இருப்பது சரியில்லைபோல இருந்தது. அன்னப்பூரணி கையைப் பிடித்து இருத்தினாள்.

"இத அழிக்கேலுமா இப்ப?"

அழிக்கலாம். ஆனால் பதிவு முடிந்ததும் கசெற்றின் முதுகில் இருக்கிற இரண்டு சின்னப் பற்களையும் கனகமணியே உடைத்துவிட்டிருந்தாள். தெரியாமல் யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று எல்லாக் கசெற்றிலும் அப்படித்தான் செய்வாள். இப்போது அந்த ஓட்டைகளை அடைத்தால்தான் மேலே பதியலாம். பையிலிருந்து பழைய தாளை எடுத்தாள், மதிப்பீடு இருந்த மூலையைக் கிழித்தாள், மடித்து மடித்து இரண்டு சின்னக் கட்டையாக்கி ஓட்டைகளில் திணித்தாள். டேப்பை முதலிலிருந்து வைத்து, பதிகிற பொத்தானை அழுத்தினாள்.

ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கதைத்தால் கதை பதியும். இருவரும் கதைக்காமல் இருந்தார்கள்.

காகம் கத்தியது. வட்டைப் பக்கமிருந்து வயல் உழுகிற மெசினின் சத்தம் வந்து போனது. யாரோ ஒரு கிழவி அரிசியோடு வந்து, இருவரும் ரெக்கோடரைப் பார்த்துக்கொண்டு இருப்பதைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் பெட்டியை வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். பக்கம் முடிந்ததும் பொத்தான் தானாகத் துள்ளியது. கனகமணி கசெற்றைத் திருப்பிப் போட்டாள். இன்னுமொரு முப்பது நிமிடம். அன்னப்பூரணி வெற்றிலை மடித்து நீட்டினாள். கனகமணி வெற்றிலை போடுகிறவள் இல்லை. வாங்கி வாயில் வைத்தாள்.

முடிந்ததும், புதிய தாளை எடுத்துக் கொடுத்தாள். அன்னப்பூரணி அதைத் தானே வாசித்தாள். விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, கடைசிவரைக்கும்.

"மறுகா எண்டே எழுதியிருக்கா," என்றாள்.

"நீங்க சொன்னதுதானே அக்கா."

"சரியாத்தான் இரிக்கு. ஆனா ஒப்பம் வைக்க மாட்டன். வேலை மூண்டும் செய்வன், சீனிப்பிள்ளைக்காகச் செய்வன். கடுதாசி வேணாம்."

தாளை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஹஸீனா ரீச்சருக்கு என்ன சொல்ல என்று கனகமணி கேட்டாள். அன்னப்பூரணி யோசித்தாள்.

"நான் பிழையா நினைச்சிட்டன் எண்டு சொல்லு." கிழவியின் அரிசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவள் வாசலில் நின்றாள். "வரவேணாம் எண்டதும் அப்பிடியே இருக்கட்டும்."

மறுநாள் புதன்கிழமை. கனகமணி எட்டரைக்குக் கந்தோருக்குப் போனாள். அழித்த கசெற்றை, அழித்த கசெற்றுகள் இருக்கும் பெட்டியில் போட்டு, பதிவில் திகதி எழுதினாள். கையெழுத்துப் பெறப்பட்டதா என்ற இடத்தில் இல்லை என்று எழுதினாள். அன்னப்பூரணி சொல்லிவிட்ட இரண்டு வசனத்தையும் அப்படியே ஹஸீனாவிடம் சொன்னாள். ஹஸீனா இரண்டாவதை ஒரு தரம் திருப்பிக் கேட்டார், பிறகு தன் பையை எடுத்துக்கொண்டு அன்றைய வேலைக்கு வேறு ஊருக்குப் போனார். ஜெயசிங்கம் படிவத்தில் அந்தக் கட்டத்தைத் தலைமைக் கந்தோர் எடுக்கச் சம்மதிக்கவில்லை என்று சொன்னார். இனிமேல் மதிப்பீட்டைத் தனித் தாளில் போடுவதாகவும், அது கந்தோரோடு நிற்கும் என்றும் சொன்னார். கனகமணி அந்தத் தாளிலிருந்து தன் பேரை எடுத்துவிடச் சொன்னாள். எடுத்துவிட்டார். படுவான்கரையில் ஆலை ஆறு மணிக்கே திறந்ததாக, வாசலில் உறை ஒன்று கொடுக்க வந்த குஞ்சித்தம்பி சொன்னார். மத்தியானம் மழை பெய்தது. பின்னேரம் புதிய கசெற் ஒன்று வந்தது, ஒரு மீன் கருவாட்டுச் சங்கத்துப் பெண்ணுடையது. ஹெட்போனின் வலது காதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நாலரை மணிவரைக்கும் கேட்டாள். வேலைகள் ஐந்து. முடிவு எடுக்காதது ஒன்று. கார்பன் வைத்துக் கையால் எழுதினாள்.